மண்டப புக்கிங்கை ரத்து செய்து டெபாசிட்டைத் திரும்பக் கேட்பது: முழுமையான வழிகாட்டி

விழா நின்றுபோகிறது, அல்லது தள்ளிப்போகிறது. மண்டபத்துக்குக் கட்டிய பணம் அங்கேயே இருக்கிறது. இப்படி ஆனவர்களில் பெரும்பாலோர் முதலில் செய்வது, போனை எடுத்து மேனேஜரிடம் "சார், ஃபங்ஷன் கேன்சல் ஆயிடுச்சு, பணம் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?" என்று கேட்பதுதான். "ஒண்ணும் கிடைக்காது சார்" என்பதே பெரும்பாலும் பதிலாக வரும். அதோடு பேச்சு முடிந்துவிடும். எழுத்தில் எதுவும் இல்லாததால், ரத்து செய்தீர்களா இல்லையா என்பதே பிறகு ஒரு கேள்வியாக நிற்கும்.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு நிலைமைக்கானது. நம் பக்கத்துக் காரணத்தால் நாமே ரத்து செய்கிறோம், விழாவுக்கு இன்னும் சில வாரங்களோ மாதங்களோ இருக்கின்றன. மண்டபத்தார் தாங்களாகவே ரத்து செய்தால் அது வேறு கதை. அப்போது கட்டிய பணம் முழுவதையும் கேட்க உங்களுக்கு வலுவான காரணம் இருக்கிறது. கெஞ்சவோ விளக்கவோ வேண்டியதில்லை.

முதலில், கட்டிய பணத்தைப் பிரித்துப் பாருங்கள்

எல்லாவற்றையும் நாம் "அட்வான்ஸ்" என்றோ "டெபாசிட்" என்றோ ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். மண்டபத்தாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தத் தொகைக்குள் தன்மையில் வேறுபட்ட இரண்டு மூன்று பணங்கள் இருக்கலாம். ரசீதையும் ஒப்பந்தத் தாளையும் எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள்.

வாடகையின் ஒரு பகுதியாக முன்கூட்டியே கட்டியது முன்பணம். அந்த நாளை உங்களுக்காக ஒதுக்கி வைத்ததற்கும், மற்றவர்களைத் திருப்பி அனுப்பியதற்கும் ஈடாக மண்டபத்தார் பிடித்துக்கொள்ளப் பார்ப்பது இந்தப் பணத்தைத்தான். சேதத்துக்கான டெபாசிட் அப்படியல்ல. நாற்காலி உடைந்தால், சுவரில் ஆணி அடித்தால், கழித்துக்கொள்வதற்காக வாங்கி வைப்பது அது. விழாவே நடக்கவில்லை என்றால் சேதமும் இல்லை. அதனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி தெளிவாக எழுதியிருந்தால் தவிர, அதைப் பிடிக்கக் காரணமே கிடையாது. மின்சாரம், சுத்தம் செய்தல், ஜெனரேட்டர், பாத்திரம் என்று தனியாக வாங்கிய தொகையும் இதே வகைதான். பயன்படுத்தாத ஒன்றுக்கு யாரும் பணம் கேட்க முடியாது. சமையல், அலங்காரம், ஒலிபெருக்கி ஆகியவற்றை மண்டபத்தின் மூலமாகவே பேசி முன்பணம் கொடுத்திருந்தால், அது உண்மையில் யார் கையில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மண்டபத்தார் அதை ஏற்கெனவே வேறொருவருக்குக் கொடுத்திருக்கலாம்.

இப்படிப் பிரித்ததும், சச்சரவுக்கு உரிய பணம் மொத்தத்தில் ஒரு பகுதிதான் என்பது தெரிந்துவிடும். "பணமெல்லாம் திரும்பக் கிடைக்காது" என்ற ஒற்றை வரி பதிலுக்கு, "முன்பணத்தைப் பற்றிப் பேசுவோம் சார், சேத டெபாசிட் தனிதானே?" என்று அமைதியாகக் கேட்க முடியும். இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பணம் வந்துவிடுகிற சந்தர்ப்பங்கள் உண்டு.

ரத்து விதியைப் படிக்கும்போது

விதி பெரும்பாலும் ரசீதின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். இத்தனை நாளுக்கு முன் ரத்து செய்தால் இவ்வளவு சதவீதம் என்ற படிக்கட்டு முறையில் எழுதியிருப்பார்கள். சதவீதத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். நாளை எங்கிருந்து எண்ணுகிறார்கள் என்பதைத்தான் பார்க்காமல் விடுகிறார்கள்.

விழா நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்களா, அல்லது முந்தைய நாள் மாலை மண்டபம் நம் கைக்கு வரும் நேரத்திலிருந்தா? ரத்து செய்த நாள் என்பது நாம் சொன்ன நாளா, கடிதம் அவர்கள் கைக்குச் சேர்ந்த நாளா? "எழுத்து மூலம்" என்ற சொல் இருக்கிறதா? சதவீதம் மொத்த வாடகையின் மேலா, கட்டிய முன்பணத்தின் மேலா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியலாம். ஆனால் "வாடகையில் 25 சதவீதம் பிடிக்கப்படும்" என்பதும் "முன்பணத்தில் 25 சதவீதம் பிடிக்கப்படும்" என்பதும் ஒன்றல்ல. முன்பணம் வாடகையில் கால் பங்குதான் என்றால், முதல் வரியின்படி உங்கள் முன்பணம் முழுக்கப் போய்விடும்.

"முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்று மொத்தமாக எழுதியிருந்தாலும் மனம் தளர வேண்டியதில்லை. அந்த வரி எப்போது உங்கள் கண்ணுக்கு வந்தது என்று பாருங்கள். பணம் கட்டுவதற்கு முன் படித்துக் கையெழுத்துப் போட்டீர்களா, அல்லது கட்டி முடித்த பிறகு கிடைத்த ரசீதில்தான் முதன்முதலாக இருந்ததா? இரண்டாவது என்றால், பணிவாகவே அதைச் சுட்டிக்காட்டலாம். இன்னொன்று: பல நாடுகளின் ஒப்பந்தச் சட்டத்தில், ஒருவர் பின்வாங்கினால் மற்றவர் தன் நஷ்டத்தைக் குறைக்க நியாயமான முயற்சி செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இருக்கிறது. அந்த நாளை வேறொருவருக்கு வாடகைக்கு விட முயல்வதுதான் மண்டபத்தைப் பொறுத்தவரை அந்த முயற்சி. இதைச் சட்டமாக எடுத்து முகத்தில் வீசாதீர்கள், கோரிக்கையாகச் சொல்லுங்கள். எப்படி என்பது கீழே வருகிறது.

ரசீதே இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால், ரத்து பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு சின்ன வேலை. "இந்தத் தேதிக்கான புக்கிங்குக்கு இன்ன நாளில் இவ்வளவு கொடுத்திருக்கிறேன், எங்கள் கணக்குக்காக ஒருமுறை உறுதிப்படுத்துங்கள் சார்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பி, "ஆமாம்" என்ற பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுத்ததற்கே சான்று இல்லாமல் திருப்பிக் கேட்கப் போவது வீண்.

ரத்துக்கு முன் இரண்டு கேள்விகள்

ரத்து என்று சொல்லிவிட்டால் பின்வாங்குவது கடினம். அதனால் அதற்கு முன்பே கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தேதியை மாற்றிக்கொள்ள முடியுமா? விழா தள்ளித்தான் போகிறது என்றால் இதுவே நல்லது, மண்டபத்தாரும் சுலபமாக ஒத்துக்கொள்வார்கள், பணம் அவர்களிடமே இருக்கிறதல்லவா. புதிய தேதிக்குப் பழைய வாடகையா, புது வாடகையா என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு, அதே நாளில் மண்டபம் தேடிக்கொண்டிருக்கும் வேறொருவருக்கு புக்கிங்கை மாற்றிவிட முடியுமா? இதற்கு மண்டபத்தாரின் சம்மதம் வேண்டும். நீங்களே இன்னொருவரிடம் பணம் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட முடியாது.

இரண்டுக்கும் இல்லை என்றால் ரத்துதான். எப்படியோ நடக்கும் என்று இழுத்துக்கொண்டே போவதில்தான் பணம் அதிகம் கரைகிறது.

போன், அப்புறம் அன்றைக்கே எழுத்து

போன் மரியாதைக்கு, எழுத்து கணக்குக்கு. இரண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டும். மண்டபத்தில் விழா நடக்கும் நாளில் அழைக்காதீர்கள். விழா இல்லாத நாளின் முற்பகலில் அழைத்தால் காது கொடுத்துக் கேட்பார்கள். புக்கிங் எடுத்த மேனேஜருக்குப் பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. அவரால் "இல்லை" என்று மட்டும்தான் சொல்ல முடியும், "சரி" என்று சொல்ல முடியாது. ஆகவே அவரோடு வாதாடுவதில் பயனில்லை. அவரைத் தாண்டிப் போவதும் சரியல்ல. அவர் வழியாகவே முதலாளியிடமோ நிர்வாகக் குழுவிடமோ போக வேண்டும்.

பேச்சு இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

"சார் வணக்கம், இன்ன தேதிக்கு மண்டபம் புக் பண்ணியிருக்கோம். வீட்டுல ஒரு சூழ்நிலை, விழாவை நடத்த முடியாத நிலைமை. அதனால புக்கிங்கை ரத்து பண்றோம். நீங்க அந்த நாளை வேற யாருக்காவது கொடுக்க வசதியா இருக்கட்டும்னுதான் உடனே சொல்றேன்."

"அட்வான்ஸ் திரும்ப வராதுங்களே சார்."

"விதியைப் படிச்சேன் சார், அதுல இருக்கிறபடியே பார்த்துக்கலாம். இன்னைக்கே எழுத்துல அனுப்பிடுறேன். இதை முடிவு பண்றவர் யாருன்னு சொன்னீங்கன்னா, கடிதத்தை அவர் பேருக்கே போட்டு உங்ககிட்ட கொடுக்குறேன்."

போனில் தொகையைப் பேச வேண்டாம். அந்த நேரத்தில் அவர் வாயிலிருந்து வரும் எண் குறைவாகத்தான் இருக்கும், பிறகு அதிலிருந்து ஏறுவது கடினம். "நேர்ல வாங்க, அடுத்த வாரம் பேசிக்கலாம்" என்று அவர் சொன்னால், சரி, நேரில் போகலாம். ஆனால் கடிதம் அன்றைக்கே போய்விட வேண்டும். காரணம், நாள் எண்ணிக்கை.

ஓர் உதாரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மொத்த வாடகை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். கட்டியது: முன்பணம் 40, சேத டெபாசிட் 10, மின்சாரம் மற்றும் சுத்தத்துக்கு 5. ஆக 55. விதி இப்படி: 90 நாளுக்கு மேல் இருந்தால் முன்பணத்தில் 75 சதவீதம் திரும்ப வரும், 60 முதல் 90 நாள் என்றால் 50 சதவீதம், 30 முதல் 60 என்றால் 25, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. நாள் எண்ணுவது மண்டபம் கைக்கு வரும் முந்தைய மாலையிலிருந்து.

குடும்பம் முடிவெடுத்தது விழாவுக்கு 92 நாள் முன்பு. முந்தைய மாலையிலிருந்து எண்ணினால் 91. அன்றைக்கே எழுத்தில் அனுப்பினால், முன்பணத்தில் 30, டெபாசிட் 10, மற்றவை 5, ஆக 45 பங்கு திரும்ப வர வேண்டும். போனில் மட்டும் சொல்லிவிட்டு, நான்கு நாள் கழித்து நேரில் போய்க் கடிதம் கொடுத்தால், கணக்கில் 87 நாள்தான். முன்பணத்தில் 20 மட்டுமே வரும், மொத்தம் 35. "நான்தான் அன்னைக்கே போன்ல சொன்னேனே" என்பதை நிரூபிக்க வழியில்லை. நான்கு நாள் தாமதத்துக்கு 10 பங்கு போகிறது.

இந்த 45 கோரிக்கை அல்ல, விதிப்படி வர வேண்டியது. இதைக் கெஞ்சிக் கேட்கக் கூடாது. பணிவாகக் கணக்குக் காட்டினால் போதும். மண்டபத்தார் பிடித்துக்கொள்ளும் மீதி 10 பற்றித்தான் உண்மையான கோரிக்கை. அந்த நாளை வேறொருவர் எடுத்துக்கொண்டால் அவர்களுக்கு நஷ்டம் அநேகமாக இருக்காது. அவசரத்துக்குக் குறைத்து 95 பங்குக்கு விட்டார்கள் என்றால், நஷ்டம் 5. மீதி 5-ஐத் திருப்பித் தரும்படி கேட்பது நியாயம். 100-க்கே விட்டால் 10-ஐயும் கேட்கலாம், அலுவலகச் செலவென்று சிறிது கழித்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளலாம்.

இரண்டையும் கடிதத்தில் தனித்தனியாக வைக்க வேண்டும். ஒன்றாகக் கலந்து "முழுப் பணத்தையும் தயவுசெய்து தாருங்கள்" என்று எழுதினால், உரிமையாக வர வேண்டிய 45-உம் தயவாக மாறிவிடும்.

கடிதம்

ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. காரணம் ஒரே வரி. துக்கமோ நோயோ என்றாலும் ஒரு வரியே போதும். ஆவணம் தேவையென்றால் தருகிறேன் என்று சொல்லலாம், தானாக இணைக்க வேண்டாம். மேலே சொன்ன உதாரணத்துக்கான கடிதம் இது:

> ஐயா,
>
> வணக்கம். தங்கள் மண்டபத்தை ____ தேதிக்கு ____ என்ற பெயரில் பதிவு செய்துள்ளோம். ரசீது எண் ____, நாள் ____.
>
> குடும்பத்தில் ஏற்பட்ட எதிர்பாராத சூழ்நிலையால் விழாவை நடத்த இயலவில்லை. எனவே இந்தப் பதிவை இன்று முதல் ரத்து செய்கிறோம். அந்த நாளை மற்றவர்களுக்கு வழங்க எங்களுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. இன்று காலை தங்கள் மேலாளரிடம் தொலைபேசியிலும் தெரிவித்தோம்.
>
> நாங்கள் செலுத்தியது: முன்பணம் 40, சேத டெபாசிட் 10, மின்சாரம் மற்றும் சுத்தம் 5. ரத்து விதியின்படி 90 நாளுக்கு மேல் இருப்பதால் முன்பணத்தில் 75 சதவீதமான 30-உம், பயன்படுத்தப்படாத மற்ற 15-உம் சேர்ந்து 45 எங்களுக்குத் திரும்ப வர வேண்டும் என்று கணக்கிட்டுள்ளோம். பிழை இருந்தால் தெரிவிக்கவும்.
>
> மீதமுள்ள 10 குறித்து ஒரு வேண்டுகோள். அதே நாளுக்கு வேறு பதிவு கிடைத்தால், தங்களுக்கு நஷ்டம் இல்லாத அளவுக்கு அந்தத் தொகையையும் திருப்பித் தர அன்புடன் பரிசீலிக்க வேண்டுகிறோம். எங்களுக்குத் தெரிந்தவர்கள் யாரேனும் அந்த நாளில் மண்டபம் தேடினால் தங்களிடம் அனுப்புகிறோம்.
>
> தொகையைப் பின்வரும் வங்கிக் கணக்கில் செலுத்தலாம்: ____. தங்கள் பதிலை ____ தேதிக்குள் எதிர்பார்க்கிறோம். புக்கிங் எடுத்த நாள் முதல் தாங்கள் காட்டிய ஒத்துழைப்புக்கு நன்றி.
>
> இப்படிக்கு, ____

"ரத்து செய்ய விரும்புகிறோம்" என்றோ "ரத்து செய்யலாமா என்று யோசிக்கிறோம்" என்றோ எழுதாதீர்கள். பணிவு என்று நினைத்து எழுதும் இந்த மாதிரிச் சொற்களால், ரத்து எந்த நாளில் நடந்தது என்பதே மங்கிவிடும். பணிவைக் கோரிக்கைப் பத்தியில் காட்டுங்கள். ரத்தைச் சொல்லும் வரி வெட்டவெளிச்சமாக இருக்கட்டும். பதில் தேதியாக இரண்டு வாரம் கொடுப்பது நியாயமானது. அதற்குக் குறைந்தால் மிரட்டல் மாதிரி தெரியும்.

கடிதம் யார் பெயரில் புக்கிங் இருக்கிறதோ அவர் கையெழுத்தில் போக வேண்டும். பணம் கட்டியவர் வேறொருவர் என்றால் அவர் பெயரையும் சேர்த்து, யார் கணக்குக்கு அனுப்புவது என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் இதையே காரணம் காட்டி மாதக்கணக்கில் தள்ளலாம். மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அன்றே அனுப்பி, தாளை நேரில் கொடுத்து நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால், சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் தபாலில் அனுப்பிவிடுங்கள். மூல ரசீதை மட்டும் கொடுக்காதீர்கள். நகல் போதும், மூலத்தைப் பணம் கைக்கு வரும்போது ஒப்படைக்கலாம்.

பதில் வராவிட்டால், பாதி பதில் வந்தால்

ஒரு வாரம் கழித்து ஒரு போன், இரண்டு வாரம் முடிந்ததும் ஒரு நினைவூட்டல். "கடிதம் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன், முடிவு எந்த நாளில் தெரியும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்" என்ற அளவில். தினமும் அழைப்பவரின் எண்ணை எடுக்காமல் விடுவது சுலபம்.

அந்த நாள் வேறொருவருக்குப் போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள, தெரிந்தவரை விட்டுப் பொய்யாக விசாரிக்கச் சொல்லும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தெரிந்துபோனால், அதுவரை சேர்த்த நல்லெண்ணம் போய்விடும். விழா நாள் நெருங்கும்போது நேரடியாகக் கேட்டாலே மேனேஜர்கள் பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள்.

பணத்துக்குப் பதிலாக "அடுத்த முறை எடுக்கும்போது கழித்துக்கொள்ளலாம்" என்று சொல்லலாம். ஒரு வருடத்துக்குள் உண்மையிலேயே விழா இருக்கிறது என்றால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தொகை, எந்தத் தேதி வரை, வேறொருவருக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். சேத டெபாசிட்டை இந்தப் பேச்சுக்குள் வர விடாதீர்கள். அது ரொக்கமாகவே திரும்பட்டும்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், வங்கியிடம் புகார் செய்து பணத்தைத் திரும்ப இழுத்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். நாமே ரத்து செய்த புக்கிங்குக்கு அது பெரும்பாலும் நிற்காது; மண்டபத்தார் ஒப்பந்தத்தைக் காட்டிவிடுவார்கள். விதிப்படி தர வேண்டியதையே தராமல் இருந்தால்தான் அதற்கு இடமுண்டு. நுகர்வோர் புகார் அமைப்பும் அப்படியே. அந்த 45-க்காகப் போகலாம். மீதி 10-க்காகப் போவதற்கு முன், அதற்கு ஆகும் அலைச்சலை எண்ணிப் பாருங்கள். போவதென்றால் கடைசியாக ஒரு கடிதம், முந்தைய கடிதங்களின் தேதிகளைக் குறிப்பிட்டு, அதே மரியாதையான தொனியில். உங்கள் எழுத்தைப் பிறகு மூன்றாம் மனிதர் ஒருவர் படிக்க நேரலாம் என்பதை மனதில் வைத்து எழுதுங்கள்.

பணம் வாங்கும்போது

பணம் அனுப்பக் கணக்கு எண்ணும் வங்கி விவரமும் போதும். ரகசிய எண்ணோ போனுக்கு வரும் கடவுஎண்ணோ கேட்டால், கேட்பவர் மண்டபத்துக்காரர்தானா என்று சந்தேகப்படுங்கள். மீதி வாடகைக்கென்று பின்தேதியிட்ட காசோலை கொடுத்திருந்தால் அதைத் திரும்ப வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வங்கியில் சொல்லி நிறுத்திவையுங்கள். ரத்தான விழாவின் மீதி வாடகைக்கான காசோலை மறதியில் வங்கிக்குப் போய்விட்டால் அது புதுத் தலைவலி.

வவுச்சரில் கையெழுத்துப் போடும்போது "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி இருக்கிறதா என்று படியுங்கள். 45 வாங்கிக்கொண்டு, மீதி 10 பற்றிய முடிவு இன்னும் நிலுவையில் இருக்கிறது என்றால், அந்த வரியை அடித்துவிட்டு "முன்பணத்தில் 30, டெபாசிட் 10, மற்றவை 5 பெற்றுக்கொண்டேன், மீதி 10 குறித்த வேண்டுகோள் நிலுவையில் உள்ளது" என்று கையால் எழுதி, இருவரும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மேனேஜர் முகம் சுளித்தால், "கணக்குக்காகத்தான் சார்" என்று சொல்லி, மூல ரசீதின் நகலில் ஒரு முத்திரையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.